இரவில் பிடிஎஃப் வாசிப்பு: பக்கத்துக்கு எந்த நிறம் உகந்தது?

கேள்வி: எனக்கு வயது 46, மஞ்சக்குப்பத்தில் வசிக்கும் ஆசிரியர். இரவில் பிள்ளைகள் தூங்கிய பிறகு, அறை விளக்கை அணைத்துவிட்டு மடிக்கணினியில் பிடிஎஃப் நூல்களை வாசிக்கிறேன். வெள்ளைப் பக்கம் கண்ணைக் கூசுகிறது. கறுப்புப் பின்னணிக்கு மாற்றினால் எழுத்துகள் கலங்கித் தெரிகின்றன. எந்த நிறம் வைத்தால் கண்ணுக்கு நல்லது?
– ஒரு வாசகி, கடலூர்

மருத்துவர் பதில்: வெளிர் மஞ்சள் கலந்த, பழைய நூலின் தாளைப் போன்ற நிறத்தைப் பின்னணியாகவும், கறுப்புக்கு மிக நெருங்கிய கரும்சாம்பல் நிறத்தை எழுத்துக்கும் வைத்துக்கொள்ளுங்கள். திரையின் வெள்ளை வெளிச்சம் விழித்திரையைக் கெடுத்துவிடாது. இருண்ட அறையில் அது கூச்சத்தையும் களைப்பையும் மட்டுமே தருகிறது.

கறுப்புப் பின்னணி உங்களுக்கு ஒத்துவராததற்குக் காரணம் உண்டு. திரை இருண்டதும் கண்ணின் பாவை விரிகிறது. பாவை விரிந்தால், கருவிழியின் வளைவில் உள்ள சிறு கோணல்கூட எழுத்தைச் சிதறடித்துக் காட்டும். அதைத்தான் கண்ணாடிக் கடையில் சிலிண்டர் பவர் என்கிறார்கள். புதுச்சேரி முத்தியால்பேட்டையிலிருந்து என்னிடம் வந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவருக்கும் இதே தொல்லை இருந்தது. அவருக்கு இரு கண்ணிலும் 0.75 சிலிண்டர் இருந்தும், கடையில் வாங்கிய சாதாரண வாசிப்புக் கண்ணாடியையே அணிந்திருந்தார். சரியான கண்ணாடியும் வெளிர் மஞ்சள் பக்கமும் அமைந்த பிறகு எழுத்து தெளிந்தது. ஆனால் சில நாளில் அவரே எழுத்தையும் பழுப்பாக மாற்றிக்கொண்டு, தலைவலியுடன் திரும்பி வந்தார். பின்னணியை மென்மையாக்கும்போது எழுத்தின் கருமையைக் குறைத்துவிட்டால், கண் மறுபடியும் சிரமப்படத்தான் செய்யும்.

அடோபி அக்ரோபாட் ரீடரில் Menu அல்லது பழைய பதிப்பானால் Edit, அதனுள் Preferences, அதனுள் Accessibility என்று சென்று, Replace Document Colors என்பதைத் தேர்ந்தெடுத்து, Custom Color என்பதைக் குறியிடுங்கள். Page Background என்ற இடத்தில் சிவப்பு 245, பச்சை 230, நீலம் 200 என்றும், Document Text என்ற இடத்தில் மூன்றுக்கும் 34 என்றும் கொடுங்கள். இந்த மாற்றம் உங்கள் திரையில் மட்டுமே நிகழ்கிறது. கோப்பு மாறுவதில்லை, அச்செடுத்தால் பக்கம் பழையபடி வெள்ளையாகவே வரும்.

சில நூல்களில் இது பலிக்காது. பழைய தமிழ் நூல்களில் பல, தாளை அப்படியே படமெடுத்துச் சேர்த்தவை. அவற்றில் வெள்ளை என்பது பக்கத்தின் பின்னணி அன்று, படத்தின் ஒரு பகுதி. ஒரு வரியைச் சுட்டியால் இழுத்துப் பாருங்கள். சொற்கள் தனியே தேர்வாகாவிட்டால் அது பெரும்பாலும் படப்பக்கம்தான். அத்தகைய நூலுக்கு விண்டோஸின் Settings, System, Display வழியாக Night light என்பதை இயக்குங்கள். அது திரை முழுவதையுமே மஞ்சளாக்குவதால், படப்பக்கமும் மென்மையாகத் தெரியும்.

இனி, பலரும் கவனிக்காத ஒன்றைச் சொல்கிறேன். நான் மேலே சொன்ன நிறம், வெள்ளைப் பக்கத்தைக் காட்டிலும் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு வெளிச்சத்தைத்தான் குறைக்கிறது. கூச்சத்தின் பெரும்பகுதி, இருட்டறையில் திரை மட்டும் ஒளிர்வதால் வருவது. அதை நிறத்தால் தீர்க்க முடியாது. ஆகவே உங்களுக்குப் பின்னாலோ பக்கவாட்டிலோ, திரையில் பிரதிபலிக்காதபடி, ஒரு சிறு விளக்கை எரிய விடுங்கள். பிறகு ஒரு வெள்ளைத் தாளைத் திரைக்கு அருகே பிடித்துப் பாருங்கள். திரை அந்தத் தாளைப் போலத் தோன்ற வேண்டும். விளக்கைப் போலத் தோன்றினால், தாளுக்குச் சமமாகும் வரை திரையின் பிரகாசத்தைக் குறையுங்கள். அறை வெளிச்சம் மாறும் ஒவ்வொரு முறையும் இதைச் செய்வது நல்லது. கண் எரிச்சலும் இருந்தால், வாசிக்கும்போது இமைப்பது குறைந்து கண் உலர்வதே பெரும்பாலும் காரணம். பக்கம் திருப்பும்போதெல்லாம் முழுமையாக இமை மூடித் திறவுங்கள்.

உங்கள் வயதில் வெள்ளெழுத்தும் தொடங்கியிருக்கும். மடிக்கணினி இருக்கும் தூரத்தை அளந்து சொல்லி, அந்தத் தூரத்துக்கான பவரைக் கேட்டு வாங்குங்கள். புத்தகத்தை அருகில் பிடித்து வாசிப்பதற்கான கண்ணாடி இதற்குச் சரிப்படாது. சிலிண்டர் பவரும் அப்போதே தெரிந்துவிடும்.

இருட்டில் வாசிக்கும்போது விளக்குகளைச் சுற்றி வானவில் போன்ற வளையம் தெரிந்தாலோ, புருவத்தின் மேல் வலி வந்தாலோ, பார்வை புகைமூட்டமாகிச் சற்று நேரத்தில் தெளிந்தாலோ, நிறத்தை மாற்றிக்கொண்டு காத்திருக்க வேண்டாம். பாவை விரியும்போது கண்ணுக்குள் நீர் வடியும் வழி அடைபட்டு அழுத்தம் ஏறும் நோய்க்கு இவை அறிகுறிகளாக இருக்கலாம். உடனே கண் மருத்துவரிடம் சென்று கண் அழுத்தத்தையும் அந்த வழியின் கோணத்தையும் சோதித்துக்கொள்ளுங்கள்; கண் சிவந்து, வலியோடு வாந்தியும் வந்தால் அன்றிரவே செல்ல வேண்டும்.