அலுவலக மெயிலில் கேட்டதற்குப் பதில் வர வைப்பது எப்படி?

கேள்வி: மேலாளருக்கு மரியாதையாக, நீளமாகத்தான் மெயில் எழுதுகிறேன். ஆனாலும் பதிலே வருவதில்லை. எங்கே தவறு?

பெரும்பாலும் தவறு தலைப்பு வரியில்தான் இருக்கும். "ஒரு சிறு உதவி" என்று வந்தால், திறக்காமல் எதுவும் புரியாது. இன்பாக்ஸில், குறிப்பாக போனில், தலைப்பின் முதல் சில சொற்கள்தான் கண்ணில் படும். அதனால் விஷயத்தை முன்னால் வையுங்கள்: "மார்ச் விற்பனை அறிக்கை: வியாழன் மாலை 4 மணிக்குள் ஒப்புதல் தேவை".

அப்புறம் உள்ளே. என் வகுப்பில் பலர் "தங்களின் மேலான கவனத்திற்குப் பணிவுடன்" என்று தொடங்கி, கேட்க வந்ததை நான்காவது பத்தியில் வைப்பார்கள். வேலைக்கு நடுவே படிப்பவர் அதுவரை வரமாட்டார். இப்படி எழுதினால் போதும்:

"வணக்கம் ஐயா,
மார்ச் அறிக்கையை இணைத்துள்ளேன். பக்கம் 3-இல் உள்ள மொத்தத் தொகையைச் சரிபார்த்து, வியாழன் மாலை 4 மணிக்குள் ஒப்புதல் தர இயலுமா? வெள்ளி காலை அதைத் தணிக்கையாளருக்கு அனுப்ப வேண்டும்.
நன்றி."

கேட்பது, கெடு, காரணம் மூன்றும் வந்துவிட்டன. "தர இயலுமா" என்பதிலேயே மரியாதை இருக்கிறது. "உடனே பார்க்கவும்" என்றால் கட்டளை மாதிரி ஒலிக்கும். அந்த "உடனே" எப்போது என்பதும் தெரியாது.

விடுப்பும் கேட்க வேண்டுமா? அதைத் தனி மெயிலாக அனுப்புங்கள். ஒரே மெயிலில் இரண்டு கேட்டால், எளிதானதற்கு மட்டும் பதில் வரும், மற்றது அப்படியே நின்றுவிடும்.