v2 போட்டிருந்தால் தப்பித்திருப்போமா?

வணக்கம் ஐயா,

எங்கள் ஆர்டர் ஏபிஐயில் `status` என்ற புலத்துக்கு `PARTIALLY_SHIPPED` என்று ஒரு புதிய மதிப்பைச் சேர்த்தோம். எதையும் நீக்கவில்லை. ஆனாலும் பில்லிங் மென்பொருள் நின்றுவிட்டது. கொஞ்ச நேரத்தில் கிடங்கு மென்பொருளும் நின்றது. v2 என்று தனியாக வெளியிட்டிருந்தால் தப்பித்திருப்போமா?

கே., ஓசூர்

அன்புள்ள கே.,

தப்பித்திருப்பீர்கள். ஆனால் இது v2 போடவேண்டிய மாற்றம் என்று அன்று யாருக்கும் தோன்றியிருக்காது. புதிய புலம் சேர்ப்பதும், இருக்கும் புலத்தில் புதிய மதிப்பை அனுப்புவதும் ஒன்றல்ல. உங்கள் பில்லிங் ஜாவாவில், ஜாக்சன் நூலகத்தை வைத்து எழுதப்பட்டது என்றால், அதன் enum பட்டியலில் இல்லாத மதிப்பு வந்ததும் அது இயல்பாகவே பிழை எறியும். முழு ஆர்டரும் படிக்கப்படாமல் போகும்.

இதற்கு ஸ்ட்ரைப் நிறுவனத்தின் முறை எனக்கு மிகவும் பிடிக்கும். அங்கே பதிப்புகளின் பெயர் தேதியில் தொடங்கும். ஒரு கணக்கு முதலில் எந்தப் பதிப்பில் அழைத்ததோ அதிலேயே நிற்கும். `Stripe-Version` தலைப்பை அனுப்பி வேறு பதிப்பைக் கேட்கலாம். உள்ளே புதிய வடிவில் பதில் தயாராகி, கேட்டவரின் பதிப்புக்கு ஏற்பப் பின்னோக்கி மாற்றப்படுகிறது. உங்களுக்கும் அப்படி ஒரு மாற்றி போதும்: பழைய பதிப்பைக் கேட்பவருக்கு `PARTIALLY_SHIPPED` என்பதை `PENDING` என்று அனுப்புங்கள். ஆனால் பாதி அனுப்பிய ஆர்டருக்குப் பில் போடலாமா என்பதைப் பில்லிங் குழுவிடம் கேட்டபிறகே அதை முடிவு செய்யவேண்டும்.

சரி, கிடங்கு ஏன் நின்றது? என் கணிப்பு, பில்லிங் அந்த ஆர்டரைப் படிக்க முடியாமல் இடைவெளியே இல்லாமல் மறுபடி மறுபடி கேட்டிருக்கும். எல்லோருக்கும் பொதுவாக ஒரே அழைப்பு வரம்பு வைத்திருந்தால், அது தீர்ந்ததும் கிடங்குக்கும் வரம்பு தாண்டியதைச் சொல்லும் 429 பிழைதான் கிடைக்கும். கேட்வே பதிவில் 429 வாங்கிய ஏபிஐ சாவிகளைப் பாருங்கள். கிடங்கின் அழைப்புகள் கூடாமலேயே அது 429 வாங்கியிருந்தால் காரணம் இதுதான். வரம்பை ஒவ்வொரு சாவிக்கும் தனித்தனியாக வையுங்கள். பதிலில் இதுவும் இருக்கட்டும்:

```
HTTP/1.1 429 Too Many Requests
Retry-After: 30
```

கேட்கும் பக்கம் அந்த 30 நொடியோடு சில நொடிகளைத் தற்செயலாகக் கூட்டிக் காத்திருக்கவேண்டும். இல்லாவிட்டால் எல்லாச் சர்வரும் ஒரே நொடியில் திரும்ப வந்து நிற்கும். படிக்க முடியாத ஆர்டரைத் திரும்பக் கேட்பதில் பயனே இல்லை. அதைத் தனியே ஒதுக்கி, ஒரு ஆளுக்குத் தெரியப்படுத்துவதே சரி.

அப்புறம், பழைய பதிப்பை என்றாவது நிறுத்தவேண்டுமே. யார் இன்னும் அதைக் கேட்கிறார்கள் என்பதைச் சாவிவாரியாகப் பதிவு செய்யுங்கள். ஒவ்வொரு சாவிக்கும் பொறுப்பான குழுவின் பெயர் எழுதப்பட்டிருக்கவேண்டும். பதில்களில் `Sunset` தலைப்பில் கடைசித் தேதியை அனுப்புங்கள். அதை எல்லோரும் பார்ப்பார்கள் என்று நம்பவேண்டாம். அந்தத் தேதிக்குச் சில வாரம் முன்பு, சொல்லிவைத்த ஒரு பகல் நேரத்தில் பழைய பதிப்பைப் பத்து நிமிடம் நிறுத்திப் பாருங்கள். மின்னஞ்சலைப் படிக்காத குழு அப்போது ஃபோன் செய்யும். அவர்களுக்கு மாற இன்னும் நேரம் இருக்கும்.