சின்னப் பிள்ளைக்கு உண்ணிக்காய்ச்சல்: டொக்சிசைக்கிளின் கொடுக்கலாமா?

யாழ்ப்பாணத்துக்குப் போய்வந்த என் நான்கு வயது மகனுக்கு உண்ணிக்காய்ச்சல் என்று வைத்தியர் டொக்சிசைக்கிளின் எழுதித் தந்தார். மருந்துப் பெட்டிக்குள் இருந்த தாளில் 12 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டாம் என்று இருக்கிறது. பார்மசிக்காரரும் தயங்குகிறார். (வெள்ளவத்தை)

கொடுங்கள். அந்தத் தாளில் உள்ள எச்சரிக்கை டொக்சிசைக்கிளினைத் தனியே ஆராய்ந்து எழுதப்பட்டதல்ல. அதற்கு முன்னால் வந்த டெற்றாசைக்கிளின் மருந்துகள் கல்சியத்தோடு ஒட்டிக்கொண்டு, வளர்ந்துவரும் பல்லில் படிந்து மஞ்சளும் பழுப்புமாக நிறம் மாற்றின. முன்பற்களின் மேற்பகுதி ஏறக்குறைய 8 வயதுக்குள் உருவாகி முடிந்துவிடும். அதனால் சில நாடுகள் 8 வயதையும் சில நாடுகள் 12 வயதையும் எல்லையாக வைத்து, அந்தக் குடும்பத்து மருந்துகள் எல்லாவற்றுக்கும் ஒரே எச்சரிக்கையை எழுதின.

டொக்சிசைக்கிளின் கல்சியத்தோடு ஒட்டுவது மிகக் குறைவு. 2015இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், 8 வயதுக்கு முன் டொக்சிசைக்கிளின் எடுத்த 58 பிள்ளைகளின் நிரந்தரப் பற்களைப் பல் வைத்தியர்கள் பார்த்தார்கள். யார் மருந்து எடுத்தவர் என்பது அவர்களுக்குச் சொல்லப்படவில்லை. ஒரு பிள்ளையிடமும் டெற்றாசைக்கிளின் கறை இல்லை. 2018இல் அமெரிக்கக் குழந்தை வைத்தியர் சங்கமும், 21 நாள் வரையான சிகிச்சைக்கு வயது பார்க்கத் தேவையில்லை என்று தன் வழிகாட்டலை மாற்றியது. உங்கள் மகனுக்குத் தேவைப்படுவது ஏறத்தாழ ஒரு வாரம்தான். மாறாக, உண்ணிக்காய்ச்சலைச் சிகிச்சையின்றி விட்டால் நுரையீரல், மூளை, சிறுநீரகம் எல்லாமே பாதிக்கப்படலாம். இரண்டு ஆபத்துகளும் எடையில் சமமானவை அல்ல.

அளவை எப்படிக் கணக்கிடுவது? மகளின் எடை 14 கிலோ. கையில் 100 மில்லிகிராம் குளிசைதான் இருக்கிறது, பாணி மருந்து கிடைக்கவில்லை. (தெஹிவளை)

45 கிலோவுக்குக் குறைந்த பிள்ளைக்கு, கிலோவுக்கு 2.2 மில்லிகிராம் வீதம் ஒரு வேளைக்கு. அதை 12 மணித்தியாலத்துக்கு ஒருதரம், நாளுக்கு இரண்டு வேளை கொடுக்க வேண்டும். 45 கிலோவும் அதற்கு மேலும் என்றால் வேளைக்கு 100 மில்லிகிராம், அதாவது வளர்ந்தவருக்கான அளவு.

பெரும்பாலான பிழைகள் இந்த இடத்தில்தான் நடக்கின்றன. ஒரு புத்தகம் வேளைக்கு 2.2 என்று எழுதும், இன்னொன்று நாளுக்கு 4.4 என்று எழுதும். இரண்டும் ஒன்றே. வேளை அளவை நாள் அளவாக நினைத்து இரண்டாகப் பிரித்தால் பிள்ளைக்குப் பாதி மருந்துதான் போகும், காய்ச்சல் இறங்காது. நாள் அளவையே ஒவ்வொரு வேளையும் கொடுத்தால் இரட்டிப்பு. வயிற்றைப் பிரட்டி எல்லாம் வாந்தியாகிவிடும். அதனால் துண்டைக் கையில் வாங்கியதும் எடை எத்தனை, ஒரு வேளைக்கு எத்தனை மில்லிகிராம், நாளுக்கு எத்தனை வேளை என்று மூன்றையும் வைத்தியரிடம் வாய்விட்டுக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். எடை அன்றே நிறுத்ததாக இருக்கவேண்டும், போன வருடக் கிளினிக் அட்டையில் உள்ளதாக இருக்கக்கூடாது.

உங்கள் மகளுக்கு 14 × 2.2 = 30.8, ஆகவே வேளைக்கு 30 மில்லிகிராம். குளிசையைக் கத்தியால் மூன்றாக வெட்டினால் துண்டுகள் சமமாக வராது. இப்படிச் செய்யுங்கள்: சிறிய கோப்பையில் ஒரு குளிசையைப் போட்டு, சிரிஞ்சால் அளந்து 20 மில்லிலீற்றர் தண்ணீர் விடுங்கள். பத்து நிமிடம் ஊறியபின் கரண்டியின் பின்புறத்தால் கட்டியில்லாமல் நசித்துக் கலக்குங்கள். இப்போது ஒரு மில்லிலீற்றரில் 5 மில்லிகிராம் இருக்கும். 30 மில்லிகிராமுக்கு 6 மில்லிலீற்றர். மருந்து அடியில் படியும், ஆகவே நன்றாகக் கலக்கிய கையோடு உறிஞ்சி எடுங்கள். தெளிந்த மேல்நீரை எடுத்தால் அளவு குறைந்துவிடும். கசப்பு அதிகம் என்பதால் அந்த 6 மில்லிலீற்றரை ஒரு கரண்டி ஜாமிலோ சீனிப்பாகிலோ கலந்து முழுவதையும் கொடுத்துவிடலாம். மிச்சத்தை மூடிவைத்து அடுத்த வேளைக்குப் பயன்படுத்தலாம். 24 மணித்தியாலம் கடந்தால் ஊற்றிவிட்டுப் புதிதாகக் கரையுங்கள். இது சாதாரணக் குளிசைக்கு மட்டும். மெதுவாகக் கரையும் வகையை நசிக்கக்கூடாது, பார்மசியில் கேட்டு உறுதி செய்யுங்கள்.

கொடுத்தபின் நிறையத் தண்ணீர் குடிக்கவைத்து, அரைமணி நேரம் படுக்கவிடாதீர்கள். மருந்து உணவுக்குழாயில் தங்கினால் அங்கே புண் வரும். கொடுத்து அரைமணிக்குள் வாந்தி எடுத்தால் அந்த வேளையைத் திரும்பக் கொடுக்கலாம். ஒவ்வொரு வேளையும் வாந்தி என்றால் வீட்டில் முயலாமல் வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள்.

பாலோடு கொடுக்கலாமா? பிள்ளை இரும்புச்சத்துப் பாணியும் குடிக்கிறது. (கொட்டாஞ்சேனை)

பால் மருந்து உறிஞ்சப்படுவதைச் சற்றுக் குறைக்கும், அவ்வளவுதான். இரண்டுமணி நேர இடைவெளி விடுங்கள். இரும்பு அப்படியல்ல, மருந்தை நன்றாகவே பிடித்துவைக்கும். மருந்து முடியும்வரை இரும்புப் பாணியை நிறுத்திவைப்பதுதான் நல்லது, ஒரு வாரத்தில் ஒன்றும் குறைந்துவிடாது. நாகச்சத்தும் (சிங்க்) வயிற்றெரிச்சலுக்கான மருந்துகளும் இதே போல இடைவெளி விட்டே.

அசித்ரோமைசின் பாதுகாப்பானது என்கிறார்களே?

கடுமையில்லாத உண்ணிக்காய்ச்சலில் அதுவும் வேலை செய்யும். டெற்றாசைக்கிளின் ஒவ்வாமை உண்மையாகவே இருக்கும் பிள்ளைக்கு அதைத்தான் தேர்வார்கள். பல்லுக்குப் பயந்து மாற்றவேண்டியதில்லை. அமொக்சிசிலின், செஃப்ட்ரியாக்சோன் போன்றவை உதவாது: இந்தக் கிருமி உடற்கலங்களுக்குள்ளே ஒளிந்து வாழ்கிறது, அவை அங்கே எட்டுவதில்லை.

இரண்டாம் நாளே காய்ச்சல் விட்டுவிட்டது. நிறுத்தலாமா? விடாமல் இருந்திருந்தால் என்ன செய்வது? (வத்தளை)

நிறுத்தவேண்டாம். காய்ச்சல் முழுதாக விட்டபின் இன்னும் மூன்று நாளாவது கொடுக்க வேண்டும். மொத்தத்தில் ஐந்து முதல் ஏழு நாள். இடையில் நிறுத்தினால் காய்ச்சல் திரும்பக்கூடும்.

முதல் மருந்து போய் 48 மணித்தியாலத்துக்குள் காய்ச்சல் இறங்குவதே இந்த நோயின் இயல்பு. இறங்கவில்லை என்றால் அளவையும், மருந்து வயிற்றில் தங்கியதா என்பதையும், இரும்பு சேர்ந்து போனதா என்பதையும் முதலில் பாருங்கள். அவை எல்லாம் சரி என்றால் நோய் வேறாக இருக்கலாம், அல்லது இரண்டு நோய்கள் சேர்ந்திருக்கலாம். கொழும்பில் டெங்கை மறக்கமுடியாது. இரண்டிலுமே இரத்தத் தட்டுகள் குறையும், ஈரல் நொதிகள் கூடும். வித்தியாசம் காட்டக்கூடியது தோலில் இருக்கும் ஒரு கறுத்த பொருக்கு: சிகரெட்டால் சுட்டதுபோல, வலியில்லாமல், சுற்றிச் சிவந்து இருக்கும். பிள்ளையின் உடைகளை முழுதாகக் கழற்றி அக்குள், தொடையிடுக்கு, விதைப்பை, காதின் பின்புறம், தொப்புள் எல்லாம் பாருங்கள். அது இல்லாமலும் நோய் வரும், ஆனால் இருந்தால் இரத்தப் பரிசோதனை முடிவுக்குக் காத்திருக்கத் தேவையில்லை. ஆரம்ப நாட்களில் நோய் இருந்தாலும் அந்தப் பரிசோதனை இல்லை என்று காட்டுவதும் உண்டு. கடந்த மூன்று வாரத்தில் பற்றை, தோட்டம், வயல் பக்கம் பிள்ளை விளையாடியதா என்பதையும் வைத்தியரிடம் சொல்லுங்கள்.

வேகமாக மூச்சுவாங்குதல், எழுப்பினாலும் மயங்கிக் கிடத்தல், வலிப்பு, சிறுநீர் குறைதல், கைகால் குளிர்தல் இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அடுத்த வேளை மருந்துக்குக் காத்திராமல் உடனே வைத்தியசாலைக்கு. இந்த நிலையில் மருந்தை நரம்பு வழியே ஏற்றவேண்டியிருக்கும். போகும்போது குளிசைப் பெட்டியையும், முதல் வேளை கொடுத்த நேரத்தை எழுதிய துண்டையும் எடுத்துச் செல்லுங்கள்.