பக்கத்தில் நின்றவருக்குச் சொன்னதாகாது

கேள்வி: என் அலுவலகத்தில் என்னைத் தவிர எல்லோரும் வேறு மாநிலத்துக்காரர்கள். என் முன்னாலேயே அவர்கள் மொழியில் பேசிச் சிரிக்கிறார்கள், வேலை விஷயத்தையும் அதிலேயே முடித்துவிடுகிறார்கள். சொன்னால் சண்டையாகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. என்ன செய்வது?

பதில்: நான் மன்னார்குடிப் பக்கம் ஒரு பொதுத்துறை வங்கிக் கிளையில் எழுத்தராக இருக்கிறேன். எங்கள் மேலாளர், கடன் அதிகாரி, புதிதாக வந்த இளம் அதிகாரி மூவருக்கும் தாய்மொழி இந்தி. கவுண்டரில் இருக்கும் நாங்கள் தமிழர்கள். இதற்குக் காரணம் ஆள் எடுக்கும் முறைதான். எழுத்தர் வேலைக்கு மாநில வாரியாக விண்ணப்பிக்க வேண்டும். அந்த மாநில மொழி தெரியுமா என்றும் சோதிப்பார்கள். அதிகாரிகளைப் பெரும்பாலும் நாடு முழுவதற்குமாகத் தேர்ந்தெடுத்து எங்கே வேண்டுமானாலும் அனுப்புகிறார்கள். அதனால் விவசாயியிடம் பேசுகிறவர்கள் ஒரு மொழியிலும், முடிவெடுக்கிறவர்கள் இன்னொரு மொழியிலும் இருக்கும்படி ஆகிவிடுகிறது.

உங்களுக்கு நேர்வதை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஊர்ப்பேச்சு, வீட்டுப்பேச்சு, சிரிப்பு ஒரு பக்கம். வேலை பற்றிய முடிவு இன்னொரு பக்கம். முதலாவது மனதை வலிக்கச் செய்யும், மறுக்கவில்லை. ஆனால் அதை உரிமையாகக் கேட்டு வாங்க முடியாது. வீட்டை விட்டு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி வந்தவர்கள் தாய்மொழியில் பேசிக்கொள்வதைத் தடுக்க நினைப்பது நியாயமும் இல்லை. இரண்டாவது அப்படியல்ல. நீங்கள் நிறைவேற்ற வேண்டிய ஒரு முடிவு உங்களுக்குப் புரியாத மொழியில் எடுக்கப்பட்டால், அது உங்களை வந்து சேரவேயில்லை. அதைக் கேட்கக் கூச்சப்படவே வேண்டாம்.

எங்கள் கிளையில் நடந்ததைச் சொல்கிறேன். சம்பா நெல்லுக்கான பயிர்க் காப்பீட்டுக்கு இங்கே வழக்கமாக நவம்பர் 15 கடைசி நாள். சில ஆண்டுகளில் நீட்டிப்பார்கள். விவசாயி கட்ட வேண்டியது காப்பீட்டுத் தொகையில் 1.5 விழுக்காடுதான். ஆனால் கிராம நிர்வாக அலுவலர் தரும் அடங்கல், சிட்டா, ஆதார், பாஸ்புக் நகல் எல்லாம் சேர்ந்திருக்க வேண்டும். அடங்கலுக்கு அலைந்து வாங்கிக்கொண்டு கடைசி வாரத்தில்தான் பெரும்பாலானவர்கள் வருவார்கள். வடகிழக்குப் பருவமழையும் அப்போதுதான். வயலில் தண்ணீர் நின்றால் இந்தக் காப்பீடு ஒன்றுதான் அவர்களுக்குப் பிடிமானம்.

அந்த வாரத்தில் இணையதளம் மிகவும் மெதுவாக இருந்தது. வங்கியில் பயிர்க்கடன் வாங்காத விவசாயிகளின் விண்ணப்பங்களை நண்பகலோடு நிறுத்திவிட்டு, அதற்குப் பிறகு வருகிறவர்களைப் பொதுச் சேவை மையத்துக்கு அனுப்புவது என்று மேலாளரும் கடன் அதிகாரியும் முடிவு செய்தார்கள். கடன்தாரர்களின் பட்டியலையாவது முழுதாக ஏற்றிவிட வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. முடிவில் தவறில்லை. ஆனால் அதை என் கவுண்டருக்குப் பின்னால் நின்று இந்தியில் பேசி முடித்தார்கள். மதியத்துக்கு மேல் வந்தவர்களை நான் உட்காரவைத்தேன். அவர்களில் ஒரு வயதான அம்மா, அடங்கலைப் பாலிதீன் பையில் சுற்றி மழையில் பஸ் ஏறி வந்தவர். மூன்றரை மணிக்கு, இனி வாங்க முடியாது என்று சொல்லி அனுப்பினார்கள். மறுநாள் சேவை மையத்தில் அவர்களுக்குப் பதிவாகிவிட்டது. ஆனாலும் ஒரு நாள் கூலியும் பஸ் செலவும் போயின. அவர்கள் கோபமாகப் பார்த்தது என்னைத்தான்.

மறுநாள் காலை, கிளை திறப்பதற்கு முன் கடன் அதிகாரியைத் தனியாகப் பார்த்தேன். ஆங்கிலத்தில்தான் பேசினேன். மொழியைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. “நேற்று பன்னிரண்டு மணியோடு நிறுத்துவதென்று முடிவானது எனக்குத் தெரியாது. என் கவுண்டரில் ஆட்களைக் காக்கவைத்துத் திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று. இப்படி நேரம் மாறினால் எனக்கு எப்படித் தெரியும்?” என்று கேட்டேன். அவர் உண்மையாகவே திகைத்துப் போனார். “நீங்கள் பக்கத்தில்தானே இருந்தீர்கள்?” என்றார்.

இதை நன்றாகக் கவனியுங்கள். பேசுகிறவருக்குத் தன் தாய்மொழி அந்நியமாக ஒலிப்பதில்லை. அதனால் பக்கத்தில் நிற்கிறவருக்குச் சொல்லியாகிவிட்டது என்ற எண்ணம் தானாக வந்துவிடுகிறது. என்னிடம் மறைக்க வேண்டும் என்று அவர் நினைத்திருக்கவில்லை. “ஏன் இந்தியில் பேசினீர்கள்?” என்று நான் தொடங்கியிருந்தால் தமிழ்நாட்டில் அது எந்தப் பக்கம் போயிருக்கும் என்று உங்களுக்கே தெரியும். காப்பீடு மறந்து போயிருக்கும்.

அன்றிலிருந்து கவுண்டரில் ஒரு குறிப்பேடு வைத்தோம். நேரம், கடைசி நாள், வாங்க வேண்டிய ஆவணம், இவற்றில் எது மாறினாலும் மாற்றியவரே ஆங்கிலத்தில் ஒரு வரி எழுத வேண்டும். நாங்கள் படித்துக் கையெழுத்திடுவோம். கூட்டம் அதிகமான நாட்களில் எழுத மறந்துவிடுகிறார்கள். அப்போது நானே ஏட்டைக் கையில் கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.

பேச்சு நடக்கும்போதே நுழையவும் வழி இருக்கிறது. அலுவலக இந்தியிலும் சரி, தெலுங்கிலும் மலையாளத்திலும் சரி, வேலைச் சொற்கள் ஆங்கிலத்தில்தான் வரும். ‘ஆடிட்’, ‘பெண்டிங்’, ‘லாஸ்ட் டேட்’ அல்லது ஒரு வாடிக்கையாளரின் பெயர் காதில் விழுந்தால் பேச்சு வேலைக்கு வந்துவிட்டது என்று பொருள். உடனே எழுந்து போய், உங்களோடு நன்றாகப் பழகும் ஒருவரைப் பெயர் சொல்லி அழைத்து, அந்த விஷயத்தையே ஆங்கிலத்தில் கேளுங்கள். கேட்ட மொழியிலேயே பதில் வரும். மற்றவர்களும் கொஞ்ச நேரமாவது அதில் தொடர்வார்கள். “ஆங்கிலத்தில் பேசுங்கள்” என்று எல்லோரையும் பார்த்துச் சொன்னால் பேச்சே நின்றுவிடும்.

சாப்பாட்டு நேரத் தனிமைக்கு இது உதவாது. அங்கே எண்ணிக்கைதான் மொழியைத் தீர்மானிக்கிறது. ஒருவர் மட்டும் இருந்தால் உங்களோடு பேசுவார். அவர் மொழிக்காரர் இன்னொருவர் வந்ததும் பேச்சு மாறிவிடும். ஆகவே ஒருவரோடு மட்டும் டீக்கடைக்குப் போங்கள். எங்கள் இளம் அதிகாரியோடு எனக்குப் பழக்கம் வந்தது அப்படித்தான். விவசாயிகள் அவரிடம் தமிழில் பொரிந்து தள்ளும்போது அவர் விழிப்பார். சாரத்தை நான் சொல்வேன். இப்போது மேலாளர் அறையில் ஏதாவது முடிவானால் அவரே வந்து சொல்கிறார்.

வேண்டுமென்றே ஒதுக்குகிறார்கள் என்றால் அடையாளம் வேறாக இருக்கும். நீங்கள் வந்ததும் குரல் தாழும், உங்கள் பெயர் அடிபடும், எல்லோருக்கும் போகும் மின்னஞ்சலும் உங்களுக்கு வராது, கேட்ட பிறகும் சொல்ல மாட்டார்கள். அப்போது மேலாளருக்கு எழுத்தில் கொடுங்கள். எந்த நாள், எந்த முடிவு, உங்களுக்கு எப்போது தெரிந்தது, அதனால் யாருக்கு என்ன இழப்பு என்று நடந்ததை மட்டும் எழுதுங்கள். மேலாளரே அதில் ஒருவரென்றால் அதே கடிதத்தை வட்டார அலுவலகத்துக்கு அனுப்பி, நகலைச் சங்கத்தில் கொடுங்கள்.