நிலைகளை ஒவ்வொன்றாக நீக்கி ரெகுலர் எக்ஸ்பிரஷன் எடுப்பது: கேள்வி பதில்

இரண்டாம் ஆண்டு மாணவி: சார், 3-ஆல் வகுபடும் பைனரி எண்களுக்கு டிஎஃப்ஏ வரைந்துவிட்டேன். எந்த நிலையிலிருந்து நீக்கத் தொடங்குவது?

மீதி 0, 1, 2 என்பதை q0, q1, q2 என்று வைத்துக்கொள்வோம். q0-இல் 0 வந்தால் அங்கேயே, 1 வந்தால் q1. q1-இல் 0 வந்தால் q2, 1 வந்தால் q0. q2-இல் 0 வந்தால் q1, 1 வந்தால் அங்கேயே. நீக்குவதற்கு முன் புதிதாக ஒரு தொடக்க நிலை S, ஒரு முடிவு நிலை F போடுங்கள். S-இலிருந்து q0-க்கும், q0-இலிருந்து F-க்கும் ε அம்பு.

முதலில் q2-ஐ எடுங்கள், அதுதான் எளிது. q1-இலிருந்து 0 வழியாக உள்ளே வருகிறோம், 1 என்ற லூப்பில் எத்தனை முறை வேண்டுமானாலும் சுற்றுகிறோம், 0 வழியாக மறுபடி q1-க்கே போகிறோம். ஆக q1-க்கு `01*0` என்று ஒரு லூப் கிடைக்கிறது. அடுத்து q1. q0-இலிருந்து 1, அந்த லூப், பிறகு 1, திரும்ப q0. ஆனால் q0-க்கு ஏற்கெனவே 0 என்ற லூப் இருக்கிறது. பழைய அம்பை அழிக்காதீர்கள், `|` போட்டுச் சேருங்கள். கடைசியில் q0-ஐ நீக்கினால் S-க்கும் F-க்கும் நடுவில் நிற்பது:

```
(0|1(01*0)*1)*
```

21-ஐ வைத்துப் பாருங்கள். 10101: வெளியே இரண்டு 1, நடுவில் 010. பொருந்துகிறது. `1*` விட்டுப்போய் `(00)*` என்று எழுதியிருந்தால் 9 தேறும், 21 மாட்டிக்கொள்ளும்.

தேர்வுக்குப் படிப்பவர்: நான் q1-ஐ முதலில் நீக்கினேன். `(0|10(1|00)*01)*` வருகிறது. உங்கள் வரிசையில் போகாததால்தான் தப்பா?

விடை தப்புதான், ஆனால் வரிசை காரணமில்லை. 3 என்பது 11. உங்கள் எக்ஸ்பிரஷன் அதை ஏற்கவே இல்லை, பாருங்கள். q1-க்குள் வரும் அம்புகள் இரண்டு, வெளியே போகும் அம்புகள் இரண்டு. ஆக நான்கு ஜோடி: q0→q0 `11`, q0→q2 `10`, q2→q0 `01`, q2→q2 `00`. கிளம்பிய இடத்துக்கே திரும்பும் ஜோடியை q2-க்குப் போட்டிருக்கிறீர்கள், q0-க்கு விட்டுவிட்டீர்கள். சரியானது:

```
(0|11|10(1|00)*01)*
```

அடைப்புக்குறியைக் காப்பாற்றியது நல்லது. `1|00*` என்று எழுதியிருந்தால் நட்சத்திரம் கடைசி 0-க்கு மட்டும்தான் போகும்.

மற்றொரு மாணவர்: என் விடையும் புத்தகத்து விடையும் வேறு மாதிரி இருக்கின்றன. மார்க் போகுமா?

மேலே இரண்டு விடைகள் இருக்கின்றன, உருவம் வேறு, மொழி ஒன்று. உங்கள் விடையைப் போட்டால்தான் சரியா என்று சொல்ல முடியும்.

பெயர் சொல்லாதவர்: எனக்கு இரண்டு ஃபைனல் ஸ்டேட். ஒவ்வொன்றுக்கும் தனியாகச் செய்து கடைசியில் கூட்டிவிடுகிறேன். சரிதானே?

சரிதான், ஆனால் வேலை இரண்டு மடங்கு. இரண்டிலிருந்தும் F-க்கு ε அம்பு விட்டால் ஒரே சுற்றில் முடிந்துவிடும்.

புதியவர்: எக்ஸ்பிரஷனிலிருந்து என்எஃப்ஏ வரைவது எப்படி?

அது எதிர்த்திசை. தாம்ஸன் முறை என்று தேடிப் பாருங்கள்.

மென்பொருள் வேலையில் இருப்பவர்: முதலில் டிஎஃப்ஏவை மினிமைஸ் செய்துவிட்டால் விடை தானாகச் சின்னதாகிவிடும். இதை ஏன் யாரும் சொல்வதில்லை?

எப்போதும் ஆகாது என்பதால்தான். கடைசியிலிருந்து மூன்றாவது எழுத்து 1 என்ற மொழியை எடுங்கள். நான்கு நிலை என்எஃப்ஏ போதும், நீக்கினால் `(0|1)*1(0|1)(0|1)` வந்து நிற்கும். அதன் மிகச் சிறிய டிஎஃப்ஏவுக்கே எட்டு நிலைகள். அதில் நீக்கிப் பாருங்கள், தாள் போதாது.

அவரே: அது தேடிப் பிடித்த உதாரணம். என் வேலையில் டோக்கன்களுக்கு மினிமைஸ் செய்த பிறகு எப்போதும் சுருங்கித்தான் வந்திருக்கிறது.

உங்கள் டோக்கன்களுக்கு உண்மையாக இருக்கலாம், அதை மறுக்கவில்லை. அதைப் பொது விதியாக்குவதைத்தான் மறுக்கிறேன். எந்த வரிசையில் நீக்கினாலும் எக்ஸ்பிரஷன் அடுக்குமடங்காக வீங்கியே தீரும் ஆட்டோமேட்டாக்கள் உண்டு. ஏரன்ஃபாய்ச்ட், ஸைகர் இருவரும் 1976-இலேயே அதை நிறுவிவிட்டார்கள்.

இடையில் வந்த ஆசிரியை: உள்ளே வரும் அம்புகளையும் வெளியே போகும் அம்புகளையும் பெருக்கி, குறைவாக வரும் நிலையை முதலில் நீக்கச் சொல்லித்தருகிறேன். லூப்பைச் சேர்க்காமல், q2-க்கு 1, q1-க்கு 4.

கையால் செய்வதற்கு நல்ல வழி, நானும் அப்படித்தான் செய்வேன். ஆனால் லேபிள்கள் நீண்ட பிறகு அம்பு எண்ணிக்கை மட்டும் போதாது, நீளத்தையும் சேர்த்து எடைபோட வேண்டும். அப்படிச் செய்தாலும் மிகச் சிறிய விடைதான் வரும் என்று உறுதி கிடையாது.

மென்பொருள் வேலையில் இருப்பவர்: மினிமைஸ் செய்துவிட்டு அந்த வரிசையில் போனால்?

இரண்டையும் செய்து நீளத்தை ஒப்பிட்டுப் போடுங்கள், பேசலாம்.

இன்னொருவர்: சார், `(0|11|10(1|00)*01)*` சரியா, `(0|1(01*0)*1)*` சரியா?

இரண்டும். மேலே படியுங்கள், அப்புறம் இதை ஓட்டுங்கள்:

```
echo 10101 | grep -E '^(0|1(01*0)*1)*$'
```

முதலில் கேட்ட மாணவி: வெறும் வரியையும் ஏற்கிறதே சார், அது எண்ணே இல்லையே?

நல்ல கவனிப்பு. q0 தொடக்கமும் முடிவுமாக இருப்பதால் நீங்கள் வரைந்த டிஎஃப்ஏவே அதை ஏற்கிறது. நீக்குவதால் மொழி மாறாது. வேண்டாமென்றால் கடைசி `*`-ஐ `+` ஆக்குங்கள். உள்ளே உள்ள இரண்டு கிளைகளும் குறைந்தது ஒரு எழுத்தையாவது எடுத்துக்கொள்வதால் அது போதும்.