'சில' என்றால் மீதி இல்லை என்றா அர்த்தம்?

"சார், நான் புளியரை. வங்கித் தேர்வுக்குப் படிக்கிறேன். 'சில லாரிகளில் வைக்கோல் உள்ளது' என்று கொடுத்தால், 'சில லாரிகளில் வைக்கோல் இல்லை' என்று முடிவெடுக்கிறேன். விடைத்தாளில் தவறு என்று இருக்கிறது. 'மட்டுமே', 'பெரும்பாலான', 'குறைந்தது' வந்தாலும் இதே குழப்பம்தான். எந்தச் சொல் எதற்கு இடம் கொடுக்கும்?"

உங்கள் ஊர் சோதனைச்சாவடியையே எடுத்துக்கொள்வோம். கேரளத்து ஆரியங்காவு பக்கம் ஏறக் காத்திருக்கும் 20 லாரிகள் வரிசையில் நிற்கின்றன. மூன்று வண்டிகளில் வைக்கோல் வெளியே துருத்திக்கொண்டிருப்பது உங்கள் கண்ணுக்குத் தெரிகிறது. மற்ற 17 வண்டிகளையும் தார்ப்பாய் போட்டு இறுக்கிக் கட்டியிருக்கிறார்கள். இப்போது 'சில லாரிகளில் வைக்கோல் உள்ளது' என்று தைரியமாகச் சொல்லலாம். மற்றவற்றில் இல்லை என்று சொல்ல முடியுமா? தார்ப்பாயை அவிழ்த்துப் பார்த்தால் 20 வண்டியிலும் வைக்கோலே இருக்கலாம். அப்போதும் நீங்கள் முதலில் சொன்னது பொய்யாகிவிடாது.

தர்க்கத்தில் 'சில' என்பதற்கு இவ்வளவுதான் பொருள்: ஒன்றாவது உண்டு. வீட்டில் "சில பேர் வந்தாங்க" என்றால் மீதிப் பேர் வரவில்லை என்று நாம் எடுத்துக்கொள்வது பேச்சு வழக்கு. தேர்வு அந்தப் பேச்சு வழக்கைக் கணக்கில் எடுப்பதில்லை. நீங்கள் தவறியது இந்த இடத்தில்தான்.

ஆனால் 'சில மட்டுமே' என்று வந்தால் கதை மாறிவிடும். வங்கித் தேர்வு வழக்கப்படி அது இரண்டு செய்திகளைச் சேர்த்துச் சொல்கிறது: சிலவற்றில் உண்டு, சிலவற்றில் இல்லை. அதனால் 'எல்லா லாரிகளிலும் வைக்கோல் இருக்க வாய்ப்புண்டு' என்ற முடிவு, வெறும் 'சில'வுக்குப் பின் சரி, 'சில மட்டுமே'வுக்குப் பின் தவறு. இரண்டுக்கும் நடுவே ஒரு சொல்தான் வித்தியாசம். வேகமாகப் படிக்கும்போது கண் அதைத் தாண்டிப் போய்விடும்.

தனியாக வரும் 'மட்டுமே' எந்தச் சொல்லோடு ஒட்டுகிறது என்று பாருங்கள். 'கேரளப் பதிவெண் லாரிகள் மட்டுமே வைக்கோல் ஏற்றியுள்ளன.' இதிலிருந்து உறுதியாகக் கிடைப்பது, வைக்கோல் ஏற்றிய எல்லா வண்டியும் கேரளப் பதிவு என்பது. கேரள வண்டி எல்லாவற்றிலும் வைக்கோல் என்று இதைத் திருப்பிப் படிப்பவர்கள்தான் அதிகம். கேரள வண்டி ஒன்றில் தக்காளி இருந்தாலும் இந்த வாக்கியத்துக்கு எந்தக் கேடும் இல்லை. தமிழ்நாட்டு வண்டி ஒன்றில் வைக்கோல் இருந்தால்தான் இது உடையும். இதையே 'கேரள லாரிகள் வைக்கோல் மட்டுமே ஏற்றியுள்ளன' என்று மாற்றினால், இப்போது தக்காளி வண்டிதான் இதை உடைக்கும். தமிழ்நாட்டு வண்டி எதை ஏற்றினாலும் கவலையில்லை.

'பெரும்பாலான' என்றால் பாதிக்கு மேல். 20-இல் 11 முதல் 20 வரை எதுவாகவும் இருக்கலாம். 'சில' போலவே இதுவும் 'எல்லாம்' என்பதை மறுப்பதில்லை. ஆனால் 'சில'வுக்கு இல்லாத ஒரு பலம் இதற்கு உண்டு. பெரும்பாலான லாரிகளில் வைக்கோல், பெரும்பாலான லாரிகள் கேரளப் பதிவு என்று இரண்டு கூற்றுகள் இருந்தால், குறைந்தபட்சம் 11-உம் 11-உம் 22. நிற்பதோ 20 வண்டி. அப்படியானால் இரண்டு வண்டியாவது வைக்கோலும் கேரளப் பதிவுமாக இருந்தே தீரவேண்டும். ஆகவே 'சில கேரள லாரிகளில் வைக்கோல் உள்ளது' என்பது சரி. இரண்டு கூற்றிலும் 'சில' என்று இருந்தால் இது கிடைக்காது, ஏனென்றால் அந்தச் சில வேறு, இந்தச் சில வேறாக இருக்கலாம்.

'குறைந்தது' எளிது. குறைந்தது 3 என்றால் 3 முதல் 20 வரை. 'சரியாக 3' என்று முடிவெடுக்காமல் இருந்தால் போதும். அதன் மறுப்பு 'அதிகபட்சம் 2'.

'வாய்ப்புண்டு' என்று முடியாத எந்த முடிவுக்கும் ஒரே சோதனை: கூற்று உண்மையாகவும் முடிவு பொய்யாகவும் இருக்கும்படி அந்த 20 வண்டிகளை நிறுத்திப் பாருங்கள். ஒரு விதத்திலாவது நிறுத்த முடிந்தால் அந்த முடிவை அடித்துவிடலாம்.

அப்புறம் இன்னொன்று, நீங்கள் கேட்காதது. 'எல்லா லாரிகளும் நிறுத்தப்படவில்லை' என்ற வாக்கியம் தமிழில் இரண்டு பக்கமும் இழுக்கும். ஒன்றுகூட நிறுத்தப்படவில்லை என்றும் படிக்கலாம், ஒன்றாவது நிற்காமல் தப்பியது என்றும் படிக்கலாம். மொழிபெயர்த்த வினாக்களில் இப்படி ஒரு வரி வந்தால், அதே வினாவின் ஆங்கில வடிவத்தை ஒருமுறை பார்த்துவிட்டு விடையைக் குறியுங்கள்.