பாங்கில் இருக்கும் 20,400 வெள்ளி யாருடையது?

கேள்வி: வணக்கம் ஐயா. சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தை ஒட்டி மளிகைக்கடை வைத்திருக்கிறேன். தினமும் ரொக்க வரவு செலவு எழுதுகிறேன். 2024-இல் கடைக்கு வந்த பணம் 312,400 வெள்ளி. சப்ளையர்களுக்குக் கொடுத்தது 241,000. வாடகை, ஆள் சம்பளம், கரண்டு எல்லாம் சேர்த்து 33,000. மிச்சம் 38,400. அதில் வீட்டுச் செலவுக்கு 18,000 எடுத்தேன். மீதி 20,400 பாங்கில் ஏறியிருக்கிறது. என் மச்சான் லாரிக்கு முன்பணம் கட்ட 20,000 கேட்கிறார். மனைவியும் சரி என்கிறாள். ஆனால் சப்ளையர்கள் பாக்கி கேட்டு நெருக்குவதால் பயமாக இருக்கிறது. கொடுக்கலாமா? இல்லை, பாங்கில் சொல்கிற டிஜிட்டல் தங்கத்தில் போடலாமா?
- ஒரு மளிகைக்கடைக்காரர்

பதில்: கொடுக்காதீர்கள். தங்கத்திலும் போடாதீர்கள். அந்த 20,400-இல் பெரும்பகுதி உங்கள் பணம் அல்ல.

நீங்கள் நேர்மையாகத்தான் எழுதியிருக்கிறீர்கள்; புத்தகத்தில் குறையில்லை. பாங்கில் பணம் ஏறினால் அதை லாபம் என்று எடுத்துக்கொள்ளும் பழக்கம்தான் பிரச்சினை. ரொக்கப் புத்தகத்துக்குப் பணம் கை மாறிய நாள் மட்டும்தான் தெரியும். சரக்கு எப்போது விற்றது, எப்போது வாங்கியது, வாடகை எந்த மாதத்துக்கு உரியது என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. அதை அக்ருவல் கணக்காக, அதாவது அந்த ஆண்டில் சம்பாதித்தது, அந்த ஆண்டுக்கு உரிய செலவு என்ற கணக்காக மாற்ற வேண்டும். அதற்காகத்தான் உங்களிடம் கடன் எழுதும் 555 புத்தகங்கள், பில் கோப்பு, சரக்குப் பட்டியல் எல்லாவற்றையும் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன்.

முதலில் விற்பனை. உங்களுக்கு வந்த 312,400-இல் 2023-இல் கடனுக்குப் போன சாமானின் பணமும் இருக்கிறது. ஜனவரி 1 அன்று பழைய 555-களில் நின்ற பாக்கி 9,600. அது போன ஆண்டே விற்றது, அதனால் கழிக்க வேண்டும். டிசம்பர் 31 அன்று நின்ற பாக்கி இந்த ஆண்டு விற்றது, பணம்தான் வரவில்லை, அதனால் கூட்ட வேண்டும். ஆனால் டிசம்பர் 31 தொகையை நீங்கள் எழுதி வைக்கவில்லை. பரவாயில்லை, பின்னோக்கிப் போகலாம். நீங்கள் பட்டியல் அனுப்பிய அன்று மொத்தப் பாக்கி 16,900. புத்தாண்டுக்குப் பிறகு வசூலானது 21,300, அதைக் கூட்டுங்கள். புத்தாண்டுக்குப் பிறகு புதிதாகக் கடன் கொடுத்தது 23,000, அதைக் கழியுங்கள். 15,200 வருகிறது. ஆக 2024 விற்பனை:

312,400 - 9,600 + 15,200 = 318,000

இதுவரை நல்ல செய்தி. புத்தகம் காட்டியதைவிட 5,600 வெள்ளிக்கு அதிகம் விற்றிருக்கிறீர்கள்.

அடுத்து கொள்முதல். ஆண்டு தொடக்கத்தில் சப்ளையர்களுக்கு நீங்கள் கொடுக்க வேண்டியது 11,000. ஆண்டு முடிவில் 29,500. உங்கள் கதை முழுக்க இந்த இரண்டு எண்ணுக்கு நடுவில்தான் இருக்கிறது. அதே முறைதான்: பழைய பாக்கியைக் கழித்து, புதுப் பாக்கியைக் கூட்டினால் 241,000 - 11,000 + 29,500, அதாவது 259,500 வெள்ளிச் சரக்கு வாங்கியிருக்கிறீர்கள். கொடுத்தது 241,000 மட்டும்.

இந்த 29,500 முதலில் 28,100 என்றுதான் வந்தது. சரக்குப் பட்டியலில் 40 மூட்டை 10 கிலோ அரிசி இருந்தது. பில் கோப்பில் அதற்குப் பில் இல்லை. கேட்டால், அரிசி டிசம்பர் 30 இறங்கியது, பில் ஜனவரி 3 தேதியில் வந்தது என்றீர்கள். மூட்டைக்கு 35 வெள்ளி, மொத்தம் 1,400. சரக்கை இந்த ஆண்டில் எண்ணிவிட்டு பில்லை அடுத்த ஆண்டுக்குத் தள்ளினால், அந்த 1,400 சும்மா லாபமாக வந்து உட்கார்ந்துகொள்ளும். கடைக்காரர்கள் அதிகம் தவறவிடும் இடம் இது. பில் தேதியைப் பார்க்காதீர்கள், சரக்கு இறங்கிய தேதியைப் பாருங்கள். டெலிவரி சீட்டில் அது இருக்கும். சப்ளையர் மாதா மாதம் அனுப்பும் ஸ்டேட்மெண்டை வைத்து ஒருமுறை சரிபார்த்தால் இன்னும் நல்லது.

வாங்கியதெல்லாம் விற்றுவிடவில்லை. தொடக்கச் சரக்கு 32,000, இறுதிச் சரக்கு 33,500. அதனால் விற்ற சரக்கின் அசல் 258,000. மொத்த லாபம் 60,000, அதாவது நூற்றுக்குப் பத்தொன்பது. அரிசி, சீனி, எண்ணெயில் கொஞ்சமாகவும் சோப்பு, பிஸ்கட், மசாலாவில் கூடுதலாகவும் வைத்து விற்கும் கடைக்கு இது நம்பக்கூடியது. இதுவே இருபத்தைந்து என்று வந்திருந்தால் எங்கோ ஒரு பில் காணாமல் போயிருக்கிறது என்று சந்தேகப்பட்டிருப்பேன்.

மற்ற செலவில் வாடகைதான் கவனிக்க வேண்டியது. ஜூலையில் பன்னிரண்டு மாத வாடகை 12,000 மொத்தமாகக் கட்டுகிறீர்கள். அதில் பாதி, 6,000 வெள்ளி, 2025 ஜனவரி முதல் ஜூன் வரைக்கானது. அது முன்கூட்டிக் கட்டிய பணம், 2024 செலவு அல்ல. ஆனால் 2023 ஜூலையில் கட்டிய 11,400-இல் பாதி, 5,700, இந்த ஆண்டில் கடை நடந்த ஆறு மாதத்துக்கு உரியது. அதைச் சேர்க்க வேண்டும். ஆக வாடகைச் செலவு 11,700. முன்பணத்தைப் பார்த்தவுடன் 6,000-ஐக் கழித்துவிட்டு, போன ஆண்டின் 5,700-ஐச் சேர்க்க மறந்தால் லாபம் ஊதிப்போகும். வீட்டுக்காரரிடம் இருக்கும் டெபாசிட் வேறு விஷயம். அது திரும்பி வரும் பணம், எந்த ஆண்டிலும் செலவில் வராது.

கரண்டு பில்லில் தலைகீழ். 2023 டிசம்பருக்கான 750-ஐ ஜனவரியில் கட்டினீர்கள், அதைக் கழிக்கிறோம். 2024 டிசம்பருக்கான 850 இன்னும் கட்டவில்லை, அதைக் கூட்டுகிறோம். எல்லாம் சேர்த்து 33,000 என்பது 32,800 ஆகிறது. நான்கு இடத்தில் கை வைத்து 200 வெள்ளி வித்தியாசம்தானா என்று கேட்பீர்கள். உங்களுக்கு அப்படி. முதல் ஆண்டு கடை நடத்துபவருக்குச் சேர்க்க முந்தைய முன்பணம் இருக்காது, அவருக்கு ஆயிரக்கணக்கில் மாறும்.

இப்போது 60,000-இல் 32,800 போக 27,200. இன்னும் முடியவில்லை. 15,200 பாக்கியை ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினேன். தோட்டத்தில் போன மாதச் சம்பளத்தை 7-ஆம் தேதிக்குள் கொடுத்தாக வேண்டும். சம்பளம் வந்ததும் 555 அடைபடும். அதனால் டிசம்பர் பாக்கியில் ஜனவரி 7 தாண்டியும், பிப்ரவரி 7 தாண்டியும் ஒரு வெள்ளிகூட வராத பக்கங்கள்தான் சந்தேகத்துக்கு உரியவை. அப்படி நிற்பது பெரும்பாலும் கான்டிராக்ட் முடிந்து வேறு தோட்டத்துக்குப் போய்விட்ட ஆட்களின் பாக்கி, 3,200. நீங்களே வராது என்கிறீர்கள். கழித்துவிடுங்கள். ஆனால் வருமான வரிக்கு இதைக் காட்டும்போது பெயர் பெயராக, எப்படிக் கேட்டுப் பார்த்தீர்கள் என்பதோடு வைத்திருங்கள். 'பாக்கியில் நூற்றுக்குப் பத்து வராது' என்று பொத்தாம்பொதுவாகக் கழித்தால் வரி வாரியம் ஒத்துக்கொள்ளாது. அவர்களும் ரொக்கத்தைப் பார்ப்பதில்லை. கடனுக்கு விற்றதும் அந்த ஆண்டின் வருமானம்தான். ஜூன் 30-க்குள் பி பாரத்தில் போக வேண்டியது 38,400-ம் அல்ல, 20,400-ம் அல்ல. இந்தக் கணக்கிலிருந்து வரும் எண். 555-களையும் ஏழு ஆண்டு தூக்கிப் போடாதீர்கள்.

ஆக உங்கள் உண்மையான லாபம் 24,000. மாதம் 2,000 வெள்ளி. அதில் வீட்டுக்கு மாதம் 1,500 எடுத்தது போக ஆண்டு முழுக்க மிஞ்சியது 6,000.

அப்படியென்றால் பாங்கில் 20,400 எப்படி வந்தது? சப்ளையர் பாக்கி 11,000-இலிருந்து 29,500-க்குப் போனதே, அந்த 18,500-தான். மிச்சம் 6,000-ஐயும் இதையும் கூட்டினால் 24,500 வரும். அதில் நாலாயிரத்துச் சொச்சம் பெரும்பாலும் 555-இலும் அலமாரிச் சரக்கிலும் முடங்கிக் கிடக்கிறது, மீதிதான் பாங்கில். உங்கள் பில்களைப் பார்த்தால் காரணமும் தெரிகிறது. பெரிய மொத்த வியாபாரி ஆண்டு நடுவில் 30 நாள் தவணையை 60 நாளாக்கினார். கட்ட வேண்டிய ஒரு மாதப் பணம் ஒரே முறை உங்கள் கையில் தங்கியது. இது திரும்பத் திரும்ப வராது. அடுத்த ஆண்டும் அதே 60 நாள்தான் என்றால் பாங்க் மீதி இப்படி ஏறாது. அவர் மறுபடி 30 என்று சொன்னால் அந்தப் பணம் ஒரே மாதத்தில் வெளியே போகும். உங்களை இப்போது நெருக்குவது அந்தப் பணத்துக்காகத்தான்.

மச்சான் விஷயத்துக்கு வருகிறேன். வீட்டில் சொல்வது உங்களுக்குக் கஷ்டம், புரிகிறது. ஆனால் 15,200 பாக்கியில் மிகப் பெரிய பக்கம் அவருடையதுதான், 4,100 வெள்ளி. அவருடைய கேன்டீனுக்கு எடுத்த சாமான். அதை நான் வராத கடனில் சேர்க்கவில்லை. சேர்த்திருந்தால் உங்கள் லாபம் 20,000-க்குக் கீழே போயிருக்கும். அதாவது அவர் ஏற்கெனவே உங்களிடம் கடன் வாங்கியிருக்கிறார், அரிசியாகவும் எண்ணெயாகவும். 20,000 கொடுத்தால் மொத்த வியாபாரியின் பணத்தை லாரிக்குக் கடன் கொடுப்பதாக அர்த்தம், அதுவும் அவரைக் கேட்காமல். மனைவியிடம் இந்த இரண்டு எண்களை, 18,500 மற்றும் 4,100, ஒரு தாளில் எழுதிக் காட்டுங்கள். கூடப்பிறந்த பாசத்தைப் பற்றிப் பேச வேண்டாம்.

டிஜிட்டல் தங்கம் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடைவெளி உண்டு. அடுத்த மாதம் சப்ளையருக்குக் கட்ட வேண்டிய பணத்தை அதில் போட்டால், அவசரத்துக்கு நஷ்டத்தில் எடுக்க வேண்டி வரலாம். அதை விற்க வந்த அதிகாரி உங்கள் பாங்க் மீதியைப் பார்த்தார், பில் கோப்பைப் பார்க்கவில்லை.

இப்போது செய்ய வேண்டியது: 60 நாள் தாண்டிய பில்களை முதலில் தீருங்கள், உங்கள் பட்டியலில் அது 12,600. மீதி 7,800 கடையிலேயே இருக்கட்டும். ரொக்கமாகக் கட்டினால் விலை குறைப்பாரா என்று அரிசி சப்ளையரிடம் கேட்டுப் பாருங்கள். மச்சானின் 4,100 தீரும் வரை கேன்டீன் சாமான் ரொக்கத்துக்கு மட்டும். அப்புறம் மார்ச் 31 இரவு கடை மூடியதும் மூன்று தொகை எழுதி வையுங்கள்: 555 மொத்தம், கட்டாத பில் மொத்தம், எண்ணிய சரக்கு. அந்தத் தாளை அனுப்பினால் முதல் மூன்று மாத லாபத்தைப் பார்த்துவிடலாம்.